பக்கம் 41: ஐந்து முறை திரும்பி வந்த கணக்குப் புத்தகம்

கும்பகோணத்தில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கிறேன். 2022 ஆடி மாதத்திலிருந்து அடுத்த வருடம் புரட்டாசி வரை, முன்பின் தெரியாத ஒருவர் ஒரே புத்தகத்தை ஐந்து முறை வாங்கி ஐந்து முறை திருப்பிக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் பக்க ஓரத்தில் புதுக் குறிப்புகள் இருந்தன. அவற்றில் என்ன இருந்தது, எந்த வரிசையில் எழுதப்பட்டது, அது எனக்கு எப்படித் தெரிந்தது, நான் செய்த தவறு என்ன என்று முழுவதும் எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர், பெயர் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் கடையின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வாங்கிய புத்தகத்தை இரண்டு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் பாதி விலையைத் தருவோம். விலையை முதல் பக்கத்தின் வலது மேல் மூலையில் பென்சிலில் எழுதுவேன். புத்தகம் கடைக்குள் வந்த தேதியைக் கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணில் படாதபடி சின்னதாகக் குறிப்பேன். எது எத்தனை நாள் அலமாரியில் தூங்குகிறது என்று பார்க்க அப்பா காலத்தில் வந்த பழக்கம் அது. இந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இப்போது ஆறு தேதிகள் இருக்கின்றன. முதலாவது எடைக்கு வந்த கட்டோடு வந்த நாள். மற்ற ஐந்தும் அவர் திருப்பிக் கொடுத்த நாட்கள்.

புத்தகம் ஒல்லியானது, 96 பக்கம், நடுவில் பின் அடித்தது. அட்டையின் முன்பாதியும் தலைப்புப் பக்கமும் கிழிந்து போய்விட்டன. அதனால் நூலின் பெயரோ எழுதியவர் பெயரோ கிடையாது. பின்னட்டையில் ‘விலை 75 ந.பை.’ என்று இருக்கிறது. நயா பைசா என்ற பெயர் 1957-இல் வந்து 1964-இல் போய்விட்டது. ஆகவே அந்த ஏழு வருடத்துக்குள் அச்சான புத்தகம். உள்ளே பழைய தமிழ் அளவுகள்: நெல் அளக்கும் படி, மரக்கால், கலம், நிறுக்கும் பலம், வீசை, நிலத்துக்குக் குழி, மா, காணி, வேலி, அப்புறம் பின்ன வாய்பாடு. ஊர்க் கணக்கு எழுதியவர்களுக்கு இவை நாக்கு நுனியில் இருந்திருக்கும். இன்றைக்கு நாற்பது ரூபாய்க்கு வைத்தாலும் வாங்க ஆள் தேட வேண்டும்.

ஆடியில் ஒருவர் வாங்கிப் போனார். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, காலர் ஓரம் நைந்திருந்தது. மூன்று வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைத்தம்பிதான் வாங்கி வைத்தான். நான் சாயந்திரம் புரட்டினேன். 41-ஆம் பக்க ஓரம் முழுக்கப் பென்சில் கணக்கு.

இந்த இடத்தில்தான் தவறு செய்தேன். எங்கள் தொழிலில் ஓரக்குறிப்பு என்றால் விலைக் குறைவு. பரீட்சைக்குப் படித்த பையன் அடிக்கோடிட்ட பாடநூல் பாதி விலைக்குக்கூடப் போகாது. பென்சிலாக இருந்தால் அழித்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்போம். நானும் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரிகூடப் படிக்காமல் ரப்பரால் அழுத்தி அழித்து, தூளைத் தட்டி, திரும்ப 40 என்று எழுதி வைத்துவிட்டேன்.

ஐப்பசியில் அதே ஆள் வந்து அதே புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போனார். கார்த்திகை முடிவில் திரும்பி வந்தபோது ஓரத்தில் நீல பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்தது. பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் ஒரு வரி: ‘தயவுசெய்து அழிக்க வேண்டாம்.’

அதைப் பார்த்ததும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் எழுதியதைத்தான் நான் அழித்திருக்கிறேன். பேனாவுக்கு மாறியதே அதனால்தான். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தப் பக்கத்தை உட்கார்ந்து படித்தேன்.

41-ஆம் பக்கத்தில் நில அளவுப் பட்டியல் இருக்கிறது. ‘100 குழி – 1 மா. 20 மா – 1 வேலி’ என்று இரண்டு வரி. அதற்கு நேர் கீழே, கோடு கூட இல்லாமல், ‘100 குழி – 1 காணி. 1 காணி – 1.32 ஏக்கர்’ என்று இன்னொரு வரி. இதன் பக்கத்தில் நீல மையில் அவர் எழுதியிருந்தார்: ‘மாவும் 100 குழி, காணியும் 100 குழி. அப்படியானால் இரண்டும் ஒன்றா? எங்கள் மா 33 சென்ட். இந்தக் காணி 132 சென்ட். எது தப்பு?’

நியாயமான கேள்வி. தஞ்சாவூர்ப் பக்கம் ‘மூணு மா நிலம் வெச்சிருக்கான்’ என்றால், மா என்பது மூன்றில் ஒரு பங்கு ஏக்கர் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவர் எதற்காக இதைக் கேட்கிறார் என்று புரியவில்லை. அது நான் அழித்த முதல் குறிப்பில் இருக்கும் என்று தோன்றியது.

அழித்ததைப் படிக்க முடியுமா என்று பார்த்தேன். பழைய அச்சுத் தாள் மெத்தென்று இருக்கும். அதில் பென்சிலை அழுத்தி எழுதினால் கரி போனாலும் பள்ளம் போகாது. ராத்திரி கடையை மூடிவிட்டு விளக்கை அணைத்து, டார்ச் லைட்டை மேஜைமேல் படுக்கவைத்து, வெளிச்சம் தாளின்மேல் சாய்வாக ஊர்ந்து போகும்படி வைத்தேன். மேலிருந்து நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் தாழ்வாக அடித்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு நிழல் விழும். புத்தகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும், ஏனென்றால் வெளிச்சம் வரும் திசையிலேயே ஓடும் கோடுகளுக்கு நிழல் விழாது. அரைமணி நேரத்தில் இவ்வளவு கிடைத்தது:

‘நாலுமா காணி. 4 மா = 132. காணி = 132. ஆக 264. கையில் 140. 124 எங்கே?’

கடைசி இரண்டு சொல்லின் பள்ளம்தான் எல்லாவற்றிலும் ஆழம். அவர் கை எவ்வளவு அழுத்தியிருக்கிறது என்று விரலால் தடவினாலே தெரிந்தது. ஒரு ஏக்கர் 24 சென்ட் நஞ்சை காணாமல் போயிருக்கிறது என்று ஒருவர் நம்பினால் கை அப்படித்தான் அழுத்தும்.

ஆக, அவரிடம் பழைய நிலப் பத்திரம் ஏதோ இருக்கிறது, அதில் ‘நாலுமா காணி’ என்று எழுதியிருக்கிறது, கையில் இருப்பது 140 சென்ட்தான். மீதியை யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்ற சந்தேகத்தில் வந்திருக்கிறார். அந்த 264 என்ற கூட்டுத்தொகைக்கு என் கடையில் இருந்த புத்தகத்தின் மூன்றாவது வரிதான் ஆதாரம்.

மூன்றாம் முறை

மாசியில் புத்தகம் மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தது. இந்த முறை பேனாக் கணக்கு நீளமாக ஓடியிருந்தது. யாரிடமோ கேட்டோ எங்கோ பார்த்தோ ஒரு விஷயத்தைப் பிடித்துவிட்டார்: குழி என்பது எல்லா ஊரிலும் ஒரே குழி கிடையாது. நிலத்தை அளந்த கோலின் நீளத்தைப் பொறுத்தது அது. கோலுக்குக் கோல் சதுரம் ஒரு குழி. தஞ்சாவூர்ப் பக்கம் பன்னிரண்டடிக் கோல், அதனால் குழி 144 சதுர அடி. செங்கல்பட்டுப் பக்கம் இருபத்துநான்கடிக் கோல், அதனால் குழி 576 சதுர அடி. கோல் இரண்டு மடங்கானால் குழி நான்கு மடங்காகிறது.

அவர் ஓரத்தில் போட்ட கணக்கை அப்படியே தருகிறேன். ‘144 × 100 = 14,400 ச.அடி = 33 சென்ட் = மா. 576 × 100 = 57,600 ச.அடி = 132 சென்ட் = காணி.’ சரியான கணக்கு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, வகுத்துப் பார்த்தால் வந்துவிடும். புத்தகம் எழுதியவர் தஞ்சாவூர்ப் பட்டியலையும் செங்கல்பட்டுப் பட்டியலையும் ஒரே பக்கத்தில், ஒரே ‘குழி’ என்ற சொல்லின் கீழ் அடுக்கிவிட்டார். இரண்டு வரியும் தனித்தனியே சரிதான். நடுவில் ஊர்ப்பெயர் போடாததுதான் பிழை.

ஆனால் அதற்கு அடுத்த வரியில் அவர் மறுபடி சறுக்கினார். ‘எங்கள் ஊர்க் குழி 144. ஆகவே எங்கள் காணி 100 குழி = 33. மொத்தம் 165. கையில் 140. 25 எங்கே?’ என்று எழுதியிருந்தார். 124 சென்ட் சந்தேகம் 25 சென்ட் சந்தேகமாகச் சுருங்கியிருக்கிறது. பாதி சரியான திருத்தம் முழுத் தப்பைவிட ஆபத்தானது என்று அன்றைக்கு நினைத்தேன். ஒரு ஏக்கருக்கு மேல் காணோம் என்றால் சர்வேயரே சிரிப்பார். 25 சென்ட் காணோம் என்றால் யாரும் நம்புவார்கள். வரப்பைத் தள்ளித் தள்ளி அவ்வளவு எடுக்க முடியும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கட்டத்தில் எனக்கு விடை தெரியாது. பின்ன வாய்பாடு 23-ஆம் பக்கத்தில் இருப்பதைப் பார்த்திருந்தேனே தவிர, 41-ஆம் பக்கத்தோடு அதைச் சேர்த்து யோசிக்கவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு கை

சித்திரையில் வாங்கிப் போய் வைகாசிக் கடைசியில் நான்காம் முறையாகக் கொடுத்தபோது, நான் கடையில் இல்லை. வந்து புரட்டினால் ஓரத்தில் வேறொருவர் கையெழுத்து.

நீலக் கறுப்பு மை, நிப் பேனா. எழுத்து நடுங்கியிருந்தது, ஆனால் வரி கோணாமல் ஓடியது. தும்பிக்கை போட்ட லை, ளை, ணை. கீழே சுழித்துக்கொண்டு போகும் றா, னா. இந்த வடிவங்களை 1978-இல் அரசு ஆணை போட்டு மாற்றியது. அதற்கப்புறம் பள்ளிக்கூடம் போனவர்கள் யாரும் கையால் இப்படி எழுத மாட்டார்கள். புத்தகத்தை வாங்கிப் போகிறவருக்கு ஐம்பது வயது, அதனால் அவர் பள்ளியில் கற்றது புது எழுத்தாகத்தான் இருக்கும். பால்பாயிண்ட் குறிப்புகளும் புது எழுத்தில்தான் இருந்தன.

இன்னொரு அடையாளமும் இருந்தது. ‘நள௵ தை௴’ என்று எழுதியிருந்தார். வருஷத்துக்கும் மாதத்துக்கும் இந்தக் குறியீடுகளைப் போடும் பழக்கம், மேற்படிக்கு ௸ போடும் பழக்கம், கணக்கு எழுதிய கைகளுக்கு உரியது. ஊர்க் கர்ணம் என்ற பரம்பரைப் பதவியை 1980-இல் தமிழ்நாடு அரசு எடுத்துவிட்டுக் கிராம நிர்வாக அலுவலர்களைப் போட்டது. அதற்கு முன்னால் கர்ணத்திடம் எழுத்து வேலை பார்த்த யாரோ ஒருவர், இன்றைக்கு எண்பது வயதைத் தாண்டியவர் என்று ஊகித்தேன்.

எப்போது எழுதியது என்பதிலும் சந்தேகமில்லை. நான் ரப்பர் போட்ட இடத்தில் தாளின் மேற்பசை உரிந்து நார் எழும்பியிருந்தது. அந்த இடத்தைத் தொட்ட இடமெல்லாம் நீலக் கறுப்பு மை பூத்து ஊறியிருக்கிறது. அழிக்காத பகுதியில் அதே மை கூர்மையாக நிற்கிறது. ஆக நான் அழித்ததற்குப் பிறகுதான் அந்தப் பெரியவர் எழுதியிருக்கிறார். தேதிக் குறிப்பு இல்லாவிட்டாலும் தாளே சொல்லியிருக்கும்.

அவர் எழுதியது ஐந்தே வரி. இதுதான் இந்த நிகழ்வின் நடுப்புள்ளி என்பதால் முழுவதும் தருகிறேன்:

‘நள௵ தை௴ கூர்ச்சீட்டு. நாலுமா காணி என்பது வேலியில் பின்னம். பெரியது முன், சிறியது பின். மாவுக்குப் பின் வந்த காணி மாவைவிடச் சிறியதாகத்தான் இருக்கும். 23-ஆம் பக்கம் பார்.’

கூர்ச்சீட்டு என்பது குடும்பத்துக்குள் பாகம் பிரித்து எழுதி வைத்துக்கொள்ளும் சீட்டு. பதிவு செய்யாதது. நள வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும். இது கொள்ளுத்தாத்தா காலத்துச் சீட்டு என்பதால் 1917 தை.

23-ஆம் பக்கத்தைத் திருப்பினேன். பின்ன வாய்பாடு: முந்திரி என்றால் 320-இல் ஒன்று. அரைக்காணி 160-இல் ஒன்று. காணி 80-இல் ஒன்று. மா 20-இல் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி, அதாவது 16-இல் ஒன்று. ‘மாகாணி’ என்ற சொல்லை எங்கள் பாட்டி அரிசி அளக்கும்போது சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது மா + காணி என்று எனக்கு உறைத்தது அந்த இரவில்தான். இருபதில் ஒன்றோடு எண்பதில் ஒன்றைச் சேர்ப்பதற்கு நாம் தாளும் பேனாவும் தேடுகிறோம். அவர்கள் பெயரிலேயே கூட்டி வைத்திருந்தார்கள்.

இப்போது முடிச்சு அவிழ்ந்தது. நிலக் கணக்கில் மா என்ற சொல்லே இந்தப் பின்னத்தின் மேல்தான் நிற்கிறது: வேலியில் இருபதில் ஒன்று மா. அதே வரிசையில் வேலியில் எண்பதில் ஒன்று காணி. வேலிக்கு 2000 குழி. ஆகவே மா 100 குழி, காணி 25 குழி. டெல்டாவில் எழுதிய கூர்ச்சீட்டில் ‘நாலுமா காணி’ என்றால் 425 குழி. அதை 144-ஆல் பெருக்கினால் 61,200 சதுர அடி. சென்ட்டில் சொன்னால் நூற்று நாற்பதரை.

கையில் இருந்ததும் 140 சென்ட்தான். ஒரு சென்ட்கூடக் காணாமல் போகவில்லை.

செங்கல்பட்டில் காணி என்பது வேறு. அங்கே அது பின்னத்தின் பெயராக நிற்காமல் ஒரு முழு நில அளவின் பெயராகவே வழங்குகிறது: 57,600 சதுர அடி. தஞ்சாவூர்ப் பின்னக் காணி 3,600 சதுர அடி. ஒன்று மற்றொன்றைப்போல் 16 மடங்கு. வாய்பாட்டில் மா என்பது காணியைப்போல் நான்கு மடங்கு. அவர் ஊர் மாவையும் செங்கல்பட்டுக் காணியையும் பக்கத்தில் வைத்தால் காணிதான் மாவைப்போல் நான்கு மடங்கு. ஒரே சொல் இப்படித் தலைகீழாக நிற்கும்போது, ஊர்ப்பெயர் இல்லாத ஒரு பட்டியல் எத்தனை பேரை அலைக்கழித்திருக்கும் என்று யோசித்தால் வயிறு கலங்குகிறது. முதல் கணக்கில் 132-ம் 132-மாக வந்ததும் தற்செயல் இல்லை. தஞ்சாவூரின் நாலு மாவும் செங்கல்பட்டின் ஒரு காணியும் அச்சு அசல் ஒரே பரப்பு. அப்படிக் கச்சிதமாக வந்ததால்தான் கணக்கு சரி என்று அவர் நம்பிவிட்டார்.

பெரியவர் சொன்ன ‘பெரியது முன், சிறியது பின்’ என்பதைத்தான் நான் இப்போது பழைய பத்திரத்தோடு கடைக்கு வருகிறவர்களிடம் முதலில் சொல்கிறேன். ஊர்க் கணக்கு எழுதியவர்கள் வேலி, மா, காணி, முந்திரி என்று இறங்கு வரிசையில்தான் எழுதுவார்கள். ‘ரெண்டு ரூபாய் ஐம்பது காசு’ என்கிறோமே தவிர ‘ஐம்பது காசு ரெண்டு ரூபாய்’ என்று யாரும் சொல்வதில்லை. மாவுக்குப் பின்னால் வந்தால் அந்தக் காணி பின்னம். காணி தனியாகவோ, ‘காணி இவ்வளவு, குழி இவ்வளவு’ என்று குழிக்கு முன்னாலோ வந்தால் அது நில அளவாக இருக்கலாம். அப்போது பத்திரம் எந்தப் பக்கத்து ஊரில் எழுதியது என்று பார்க்க வேண்டும்.

இந்த விதிக்கும் எல்லை உண்டு. கோல் நீளம் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறியிருக்கிறது, கல்வெட்டுகளில் பன்னிரண்டடிக் கோலும் வரும், பதினாறடிக் கோலும் வரும். டெல்டா ஊர் என்பதற்காக மட்டும் 144 என்று வைத்துக்கொள்ளக் கூடாது. அதே சீட்டில் எல்லை மாறாத வேறொரு நிலம் இருந்தால், அதன் இன்றைய பரப்பைப் பழைய குழி எண்ணால் வகுத்துப் பார்க்க வேண்டும். 144-ஐ ஒட்டி வந்தால் சரி. வராவிட்டால் கோல் வேறு. அவர் அதையும் செய்திருக்கிறார் என்பது பின்னால் தெரிந்தது. அப்புறம், பழைய அளவு இன்றைய அளவோடு ஒத்துப்போவது ஒரு சந்தேகத்தைத் தீர்க்கும், அவ்வளவுதான். அந்த அளவு இன்று எந்த சர்வே எண்ணில் கிடக்கிறது என்பது தனி வேலை.

ஐந்தாம் முறை

ஆவணியில் மறுபடி வாங்கினார். புரட்டாசியில் அவர் திருப்பிக் கொடுக்க வந்தபோது, நான் வேண்டுமென்றே கடையில் உட்கார்ந்திருந்தேன். “வாங்க சார், உட்காருங்க” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு, தம்பியிடம் இரண்டு காபி வாங்கிவரச் சொன்னேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன்.

“அந்தப் பென்சிலை அழிச்சது நான்தான்.”

“தெரியும்ணே. ரப்பர் தூள் பைண்டிங்ல இருந்துச்சு.” கோபம் இல்லை. “முதல்ல கொஞ்சம் வருத்தமா இருந்துச்சு. அப்புறம் பேனா வாங்கிட்டேன்.”

புத்தகத்தை வைத்துக்கொள்ளாமல் ஏன் திருப்பித் திருப்பிக் கொடுத்தீர்கள், ஒவ்வொரு முறையும் இருபது ரூபாய் நஷ்டம் ஆயிற்றே என்று கேட்டேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசவில்லை.

“வீட்ல வெச்சுக்க முடியாதுண்ணே. நானும் தம்பியும் ஒரே வீடு. அவன் பார்த்தான்னா, ‘124 எங்கே’ன்னு எழுதியிருக்கிறதைப் படிச்சான்னா, அன்னைக்கே பெரியப்பா வீட்டு வாசல்ல போய் நிப்பான். எனக்கே சந்தேகம்தான், கணக்கு முடியலை. முடியாத கணக்கை வீட்ல வெக்க பயமா இருந்துச்சு. இங்க இருந்தா யாரும் எடுக்க மாட்டாங்கன்னு தெரியும். ஒவ்வொரு தடவையும் வந்து பார்ப்பேன், அதே தட்டுல இருக்கும்.”

பங்காளி முறையில் பெரியப்பா. அவர் மேல்தான் சந்தேகம். நிலம் பக்கத்துப் பக்கத்தில். எண்பதுகளில் யூ.டி.ஆர். என்ற நில ஆவணப் புதுப்பிப்பு நடந்து பட்டா ஹெக்டேருக்கு மாறியபோது 0.57.0 என்று வந்திருக்கிறது. ஹெக்டேரில் பார்த்ததும் பழைய அளவோடு ஒப்பிட யாருக்கும் தெரியவில்லை. அப்பா போன பிறகு பெட்டியில் கூர்ச்சீட்டைப் பார்த்திருக்கிறார், என் கடையில் இந்தப் புத்தகத்தைப் பார்த்திருக்கிறார், 1.32 என்ற எண் கண்ணில் பட்டிருக்கிறது.

“அப்போ அந்த நீலக் கறுப்பு மை யாரு?” என்றேன்.

“அவருதான்.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. சந்தேகப்பட்ட பெரியப்பாவிடமே புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். 25 சென்ட் என்று சுருங்கிய பிறகு, கேட்காமல் இருக்க முடியவில்லை என்றார். பழைய கணக்கு தெரிந்தவர் ஊரில் அவர் ஒருவர்தான் மிச்சம். கர்ணம் வீட்டில் எழுத்து வேலை பார்த்தவர்.

“என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலை. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் படிச்சாரு. ‘25 எங்கே’ன்னு நான் எழுதினதை விரல் வெச்சுப் படிச்சாரு. யாரைக் கேக்குறேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். பேனாவை எடுத்துட்டு வரச்சொன்னாரு. எழுதிட்டு, ‘குழியில போட்டுப் பாருடா’ன்னாரு. அவ்ளோதான்.”

அவர் திருப்பிக் கொடுத்த புத்தகத்தை அங்கேயே திறந்தேன். பால்பாயிண்டில் கடைசிக் கணக்கு: ‘4 மா 400, காணி 25. மொத்தம் 425 குழி. 0.57.0 ஹெக்டேர் = 140.8 சென்ட். சரி.’ அதன் கீழே எல்லை மாறாத களத்துமேட்டு நிலத்தை வைத்து 144-ஐச் சரிபார்த்த நான்கு வரி. 140.5-க்கும் 140.8-க்கும் உள்ள வித்தியாசத்துக்கு, ‘ஏரில் முழுதாக்கியது’ என்று குறித்திருந்தார். அதுவும் சரி. ஏர் என்பது ஹெக்டேரில் நூறில் ஒன்று. 56.86 ஏர் வருவதை 57 என்று எழுதியிருப்பார்கள்.

பட்டியலின் மூன்றாவது வரியை அவர் அடிக்கவில்லை. அதன் இடது பக்கத்தில் ‘செங்கல்பட்டு’ என்றும், மேலே உள்ள இரண்டு வரிக்கு இடது பக்கத்தில் ‘தஞ்சாவூர்’ என்றும் எழுதி, நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டிருந்தார். அறுபது வருடத்துக்கு முன்னால் அச்சுக் கோத்தவர் போட்டிருக்க வேண்டிய கோடு.

“இனிமே வீட்ல வெச்சுக்கலாமே?” என்றேன்.

“தம்பிகிட்ட வாயால சொல்லிட்டேன். சீட்டைக் கூட வெச்சுக் காமிச்சேன். ஆனா ‘124 எங்கே’ன்னு நான் எழுதினது உள்ள இருக்கே. நீங்க அழிச்சிருந்தாலும் எனக்குத் தெரியும்ல. இங்கயே இருக்கட்டும்ணே.”

இருபது ரூபாயை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார். நான் விடவில்லை, கொடுத்துத்தான் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு பென்சில் குறிப்பை அழிப்பதற்கு முன்னால் படித்துவிடுகிறேன். பெரும்பாலும் பேர், வகுப்பு, அடிக்கோடு, ‘முக்கியம்’ என்ற சொல். அவற்றை அழிப்பதில் எனக்கு இப்போதும் தயக்கமில்லை. கணக்கோ, தேதியோ, அச்சில் உள்ளதை மறுத்து ஒரு வரியோ இருந்தால் ரப்பரைக் கீழே வைத்துவிடுகிறேன்.

அந்தப் புத்தகம் அதே தட்டில்தான் இருக்கிறது. விலை எழுதும் மூலையில் இப்போது எண் இல்லை. பழைய சீட்டோடு யாராவது வந்தால் எடுத்து 41-ஆம் பக்கத்தைக் காட்டுவேன், படம் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். போன மாதம் குடவாசல் பக்கத்திலிருந்து ஒரு பெண் அவருடைய அம்மா வீட்டுச் சீட்டைக் கொண்டுவந்தார். ‘மும்மா அரைக்காணி’ என்று இருந்தது. மும்மா 300 குழி, அரைக்காணி பன்னிரண்டரைக் குழி என்று அந்த ஓரத்தைப் பார்த்தே அவர் போட்டுவிட்டார். போகும்போது, இந்த இடத்தில் மட்டும் தாள் ஏன் சொரசொரப்பாக இருக்கிறது என்று கேட்டார். டார்ச்சை எடுத்து மேஜைமேல் படுக்கவைத்துக் காட்டினேன்.